பல் மருத்துவ இருக்கையில் மயக்கம், ஒவ்வாமை, சர்க்கரைக் குறைவு

பல் மருத்துவ இருக்கையில் ஏற்படும் அவசர நிலைகள் என்பவை, பல் சிகிச்சைக்கு வந்தவருக்குச் சிகிச்சை தொடங்கும் முன்போ, நடக்கும்போதோ, முடிந்த சில நிமிடங்களிலோ திடீரென உண்டாகும் உடல்நலக் கோளாறுகள் ஆகும். இவற்றில் சாதாரண மயக்கம், இரத்தச் சர்க்கரை குறைதல், கடும் ஒவ்வாமை ஆகிய மூன்றும் முதல் நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். மூன்றிலும் வியர்வை, தலைச்சுற்றல், படபடப்பு, 'என்னமோ பண்ணுது' என்ற முனகல் ஆகியவை உண்டு. மயக்கம் படுக்க வைத்தாலே சரியாகிவிடும். சர்க்கரைக் குறைவுக்குக் குளுக்கோஸ் வேண்டும். கடும் ஒவ்வாமைக்குச் சில நிமிடங்களுக்குள் தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். எது எது என்று பிரித்தறிவதுதான் இங்கே கடினமான வேலை.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஸ்டான்லி மாலமெட் 1993இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 4,309 பல் மருத்துவர்கள் பத்தாண்டுகளில் தாங்கள் சந்தித்த 30,608 அவசர நிலைகளைத் தெரிவித்திருந்தனர். அவற்றில் பாதி, அதாவது 15,407, வெறும் மயக்கம். சர்க்கரைக் குறைவு 890. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை 304 மட்டுமே. பெரும்பாலும் மயக்கமாகவே இருப்பதால், வருவதெல்லாம் மயக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் பல் மருத்துவர்களிடம் எளிதில் வந்துவிடுகிறது. கடும் ஒவ்வாமை தவறவிடப்பட இந்தப் பழக்கம் காரணமாகலாம்.

முதல் ஒரு நிமிடம்

காரணம் எதுவாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றே. வேலையை நிறுத்த வேண்டும். வாயில் இருக்கும் கருவி, பஞ்சு, உறிஞ்சு குழாய், கழற்றக்கூடிய பல்செட் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பதற்றத்தில் மறக்கப்படுவது இந்தப் படிதான். நினைவிழந்தவரின் தொண்டைக்குள் ஒரு பஞ்சுருண்டை நழுவினால், சாதாரண மயக்கமே மூச்சடைப்பாக மாறிவிடும். பிறகு இருக்கையைத் தட்டையாகச் சாய்த்து, கால்கள் தலையைவிடச் சற்று உயரமாக, ஏறத்தாழ 10 முதல் 15 பாகை இருக்குமாறு வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்த நிலையில் விடலாம். நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும் என்பதால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும்.

அடுத்தது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது. நாடி மெதுவாக, நிமிடத்துக்கு 50க்கு அருகில், பலவீனமாக இருந்தால் அது பெரும்பாலும் மயக்கம். வேகமாகவும் துள்ளலாகவும் இருந்து, தோல் நனைந்து, பேச்சு குழறினால் சர்க்கரைக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். வேகமாகவும் மெலிந்தும் இருந்து, தோலில் சிவப்போ தடிப்போ தெரிந்தால், அல்லது குரல் கரகரத்தால், ஒவ்வாமையை நினைக்க வேண்டும். தட்டையாகப் படுக்க வைத்த பின் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் முகத்தில் நிறம் திரும்பாவிட்டால், அதைச் சாதாரண மயக்கம் என்று தொடர்ந்து நம்பக்கூடாது.

நினைவில்லாமல் இருப்பவர் இயல்பாக மூச்சு விடவும் இல்லை என்றால் நாடி தேடி நேரத்தைக் கழிக்காமல் மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். பல் மருத்துவ இருக்கையின் முதுகுப் பகுதி அழுத்தும்போது கீழே தாழும். அதன் அடியில் மருத்துவர் உட்காரும் ஸ்டூலை நகர்த்தி முட்டுக்கொடுத்தால் அழுத்தம் மார்புக்குப் போய்ச் சேரும்.

மயக்கம் எப்படி வருகிறது

ஊசியைக் கண்டதும் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது. கால் தசைகளுக்கு நிறைய இரத்தம் பாய்கிறது. ஆனால் நோயாளி ஓடுவதில்லை, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தசைகள் அசைந்தால்தான் அந்த இரத்தம் மேலே ஏறும். அது காலிலேயே தேங்கிக் கிடக்க, வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பும் திடீரெனக் குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து நினைவு தப்புகிறது. இதற்கு முன் சில நொடிகளாவது கொட்டாவி, குமட்டல், உடம்பு சூடாவது போன்ற உணர்வு, உதடு வெளுத்தல் ஆகியவை வரும். இந்த அறிகுறிகளிலேயே இருக்கையைச் சாய்த்துவிட்டால் பலருக்கு நினைவு தப்பவே செய்யாது.

அழுது, கை கால் உதைக்கும் குழந்தைக்கு இந்த மயக்கம் அரிதாகவே வருகிறது. அதற்குத் தசைகள் அசைந்துகொண்டே இருப்பது ஒரு காரணம். தைரியசாலியாகக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்காரும் இளைஞர்களுக்குத்தான் அதிகம். ஆகவே சிறு குழந்தையோ, இதற்கு முன் எப்போதும் மயங்காத ஐம்பது அறுபது வயதுக்காரரோ மயங்கினால், வேறு காரணத்தைத் தேடுவது நல்லது.

மயங்கியவரின் கை கால் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம். அது வலிப்பு நோய் அல்ல. மூளைக்கு இரத்தம் குறைந்ததன் விளைவு. கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வெங்காயத்தை முகரவைப்பது, முகத்தில் சோடா தெளிப்பது ஆகியவற்றால் பயன் இல்லை. நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. நினைவு திரும்பியதும் எழுந்து உட்கார முயல்வார். உடன் வந்தவர்களும் தூக்கி உட்கார வைக்கப் பார்ப்பார்கள். உடனே எழுந்தால் மீண்டும் மயங்குவார். இருக்கையைப் படிப்படியாக, இடையில் சில நிமிடங்கள் விட்டு உயர்த்த வேண்டும். அன்றைக்குச் சிகிச்சையைத் தொடராமல் இன்னொரு நாளுக்கு மாற்றுவதே சரி. வீட்டுக்குத் தனியாக வண்டி ஓட்டிப்போக விடக்கூடாது.

பட்டினப்பாக்கத்தில் ஒரு காலை

சர்க்கரைக் குறைவு எப்படி உருவாகிறது என்பதைத் தென் சென்னையின் பட்டினப்பாக்கம் போன்ற ஒரு பகுதியை வைத்துப் பார்க்கலாம். சாந்தோமுக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் இடையே கடலோரமாக அமைந்த இப்பகுதியில் மீனவர் குடியிருப்புகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து உள்ளன. மீன் தொழிலில் இருப்பவர்களின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். உணவு நேரம் அதற்கு ஏற்பத் தள்ளிப்போகும். மாத்திரை நேரம் மட்டும் பெரும்பாலும் மாறாது.

எடுத்துக்காட்டாக, மீன் விற்கும் 58 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். விடியற்காலை மூன்றரை மணிக்கு மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்புகிறார். ஐந்தரைக்கு ஒரு டீயுடன் சர்க்கரை மாத்திரை போடுகிறார். கடைப்பிடி வலித்துக்கொண்டிருப்பதால் வியாபாரத்தைப் பாதியில் விட்டுப் பதினொரு மணிக்குப் பல் மருத்துவரிடம் வருகிறார். பல் பிடுங்கப் போவதால் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காலைச் சாப்பாட்டையும் தவிர்த்திருக்கிறார். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைக்கு உரிய விதி இது. மரத்துப்போகும் ஊசிக்கு இது பொருந்தாது. சர்க்கரை மாத்திரை போடுபவருக்குத் தீங்கானதும்கூட.

'சாப்பிட்டீங்களாம்மா?' என்று கேட்டால் 'ஆச்சு டாக்டர்' என்றே பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். 'காலையில கடைசியா என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?' என்று கேட்டால்தான் 'டீ மட்டும்தான்' என்பது தெரியவரும். 'மாத்திரை போட்டீங்களா, எத்தனை மணிக்கு, அட்டை கையில இருக்கா?' என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டும் கேட்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு நடப்பது பெரும்பாலும் நடக்காது.

கீழ்த்தாடைக்கு ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் அவருக்கு வியர்க்கிறது. கை நடுங்குகிறது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எரிச்சலாகப் பதில் சொல்கிறார். ஊசி பயம் என்று நினைத்து இருக்கையைச் சாய்க்கிறார் மருத்துவர். இரண்டு நிமிடமாகியும் தெளிவில்லை. நாடி 104, நல்ல துடிப்பு. தோலில் தடிப்பு இல்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 52 மி.கி. (ஒரு டெசிலிட்டருக்கு). 70க்குக் கீழே போனாலே சர்க்கரைக் குறைவு என்று கொள்ள வேண்டும். குத்தும் முன் விரலைத் தண்ணீரால் கழுவித் துடைப்பது அவசியம். பழமோ இனிப்போ தொட்ட விரலாக இருந்தால் கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

நினைவோடு விழுங்கும் நிலையில் இருப்பதால் 15 கிராம் குளுக்கோஸ் வாய்வழி கொடுக்கலாம். அது குளுக்கோஸ் தூளில் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தது. ஒரு பக்க உதடும் நாக்கும் மரத்திருக்கும். அந்தப் பக்கம் உணர்வில்லாமல் வழிந்துவிடும். ஆகவே நிமிர்த்தி உட்காரவைத்து, மரக்காத பக்கத்துக் கடைவாயில் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தால் 64. இன்னொரு 15 கிராம். மேலும் பதினைந்து நிமிடத்தில் 98. பேச்சு தெளிகிறது.

கிளினிக்கில் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருந்தால் என்னாகும் என்பது அவருடைய மாத்திரை அட்டையைப் பொறுத்தது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது தமிழ்நாட்டில் மிகப் பரவலாக உள்ளது. இதில் வோக்லிபோஸ் குடலில் சர்க்கரையைக் குளுக்கோஸாக உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. சாதாரண சர்க்கரை, வெல்லம், சாக்லேட் ஆகியவை அவருக்கு உடனடியாக உதவா. நேரடிக் குளுக்கோஸ்தான் வேண்டும். கடைகளில் கிடைக்கும் சுவையூட்டிய குளுக்கோஸ் தூள்களில் சர்க்கரை கலந்த வகைகளும் உண்டு என்பதால், பெட்டியில் வைக்கும் முன் உறையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

98 வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்னொரு தவறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை மணிக்கணக்காகத் தூண்டிக்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரையின் வேலை தீராது. அதனால் தெளிந்ததும் பால், கூழ் போன்று மெல்லத் தேவையில்லாத உணவு கொடுக்க வேண்டும். மரத்துப்போன வாயோடு இட்லி மென்றால் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வார். துணைக்கு வீட்டார் வரும்வரை அங்கேயே இருக்கச் சொல்லி, அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் தகவல் சொல்ல வேண்டும். இந்த மாத்திரையால் வந்த கடுமையான சர்க்கரைக் குறைவாக இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு உள்ளவராக இருந்தாலோ மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தக் குறைவு அரிதாகவே வருகிறது.

இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால், அட்டெனலால் வகை மாத்திரை எடுப்பவரிடம் நடுக்கமும் படபடப்பும் மறைந்திருக்கும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாத வியர்வையைக் கண்டால் விரலைக் குத்திப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. குத்தாமல் விட்டதால்தான் தவறு நேர்ந்திருக்கிறது.

நினைவு தப்பியிருந்தால் வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது. குளூக்ககான் 1 மி.கி. தசையில் போடலாம். அது விலை அதிகம், எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதும் இல்லை. கல்லீரலில் இருப்பு குறைந்தவருக்கு வேலையும் செய்யாது. நரம்பில் ஊசி போடத் தெரிந்தவர் இருந்தால் 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கொடுக்கலாம். சிறிய 25 மி.லி. ஆம்பூலில் 6.25 கிராம்தான் இருக்கும். 25 கிராம் கொடுக்க நான்கு ஆம்பூல்கள் வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி வைத்துவிட்டு ஆயத்தமாக இருப்பதாக நினைப்பது பல கிளினிக்குகளில் காணும் காட்சி.

ஒவ்வாமை என்று சொல்லப்படுவதும் உண்மையான ஒவ்வாமையும்

'எனக்குப் பல் ஊசி ஒத்துக்காது' என்று சொல்லி வருபவர்களில் பெரும்பாலோருக்கு நேர்ந்தது மயக்கமோ, ஊசியில் கலந்துள்ள அட்ரினலின் இரத்தக் குழாயில் சென்றதால் சில நிமிடம் நெஞ்சு படபடத்ததோ ஆகும். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் 30 மி.லி. குப்பியில் பாதுகாப்பானாகச் சேர்க்கப்படும் பாரபெனுக்கு ஒவ்வாமை இருக்கலாம். முன்கையில் சிறிது மருந்தைக் குத்திப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' வழக்கம் நம் ஊரில் பலமாக உள்ளது. அதில் தடிப்பு வராததை வைத்துக் கடும் ஒவ்வாமை வராது என்று உறுதிகூற முடியாது. குத்திய காயமே லேசாகத் தடித்துப் பொய்யான எச்சரிக்கை தருவதும் உண்டு. அட்ரினலின் ஆயத்தமாக இல்லாத இடத்தில் டெஸ்ட் டோஸ் மட்டும் செய்வது எதையும் பாதுகாக்காது.

பல் மருத்துவத்தில் உண்மையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை வேறு பல உள்ளன. அமாக்சிசிலின் முதலிய பென்சிலின் வகை எதிருயிரி மருந்துகள், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மருந்துகள், ரப்பர் கையுறை, குளோரெக்சிடின் கழுவு நீர் ஆகியவை அவை. கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் பல் பிடுங்கிய குழியைக் குளோரெக்சிடினால் கழுவிய பின் நோயாளிகள் இறந்தது பிரித்தானியாவில் பதிவாகியுள்ளது.

கடும் ஒவ்வாமை சில நிமிடங்களில் வளரும். உள்ளங்கை அரிப்பு, உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கரகரத்தல், மூச்சில் விசில் சத்தம், வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவற்றில் சில சேர்ந்து வரும். தடிப்பு வராமலேயே நேராக மூச்சுத்திணறலோ அழுத்தச் சரிவோ வருவதும் உண்டு. வெறும் அரிப்பும் தடிப்பும் மட்டும் இருந்து, மூச்சும் நாடியும் சீராக இருந்தால் அது லேசான ஒவ்வாமை. அதற்கு ஒவ்வாமை மாத்திரை கொடுத்துக் கூர்ந்து கவனித்தால் போதும்.

மூச்சோ இரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்டால் முதல் மருந்து அட்ரினலின். இந்தியக் கிளினிக்குகளில் பெரும்பாலும் தவறிப்போவது இங்கேதான். கை முதலில் போவது ஏவில், டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன் ஆகியவற்றுக்கு. ஏவில் அரிப்பைக் குறைக்கும். வீங்கும் தொண்டையைத் திறக்காது, சரியும் அழுத்தத்தை ஏற்றாது. ஸ்டீராய்டு மருந்து வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். இவை அட்ரினலினுக்குப் பிறகு கொடுக்கத் தக்கவை. அதற்கு முன்போ, அதற்குப் பதிலாகவோ கொடுக்கத் தக்கவை அல்ல. அட்ரினலின் போட்டால் இதயம் நின்றுவிடும் என்ற பயமே தயக்கத்துக்குக் காரணம். தசையில், சரியான அளவில் போடும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. போடாமல் காத்திருப்பதில் இருக்கும் ஆபத்தோடு ஒப்பிடவே முடியாது.

பெரியவருக்கு அளவு 0.5 மி.கி. மருந்துக் கடையில் கிடைக்கும் சிறிய ஆம்பூலில் 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கிறது; 1:1000 என்று எழுதியிருக்கும். ஆகவே பாதி ஆம்பூல், அதாவது 0.5 மி.லி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 0.3 மி.லி., அதற்குக் கீழே ஆறு மாதம்வரை 0.15 மி.லி. இடம் தொடையின் நடுவில் வெளிப்பக்கம். அவசரத்துக்குச் சேலை அல்லது பேன்ட் மீதே குத்தலாம். ஊசி தசைவரை போக ஏறத்தாழ 25 மி.மீ. நீளம் வேண்டும். சிறிய அளவை அளக்க வசதியாக இருக்கிறது என்று இன்சுலின் சிரிஞ்சை எடுத்தால் அதன் குட்டை ஊசி கொழுப்பிலேயே நின்றுவிடும். முன்னேற்றம் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அதே அளவை மீண்டும் போட வேண்டும். உயிர்வளியை முகமூடி வழியாக நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் தர வேண்டும். நோயாளியை எழுந்து நிற்கவோ, கழிப்பறைக்கு நடக்கவோ விடக்கூடாது. நிமிர்ந்ததும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து உயிர் போன நிகழ்வுகள் உண்டு.

'மரத்துப்போகும் மருந்திலேயே அட்ரினலின் இருக்கிறதே, அதைப் போடலாமே' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த மருந்தில் அட்ரினலின் 1:80,000 என்ற அளவில், ஒரு மி.லி.யில் 0.0125 மி.கி. மட்டுமே உள்ளது. 0.5 மி.கி. கிடைக்க 40 மி.லி. போட வேண்டும். அதனோடு 800 மி.கி. லிக்னோகெயினும் உள்ளே போகும். ஒரு பெரியவர் தாங்கும் எல்லையைவிட அது மிக அதிகம்.

தெளிந்துவிட்டார் என்று திரும்பிப் போக விடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அட்ரினலினின் வேலை சிறிது நேரத்தில் தீர்ந்த பின் ஒவ்வாமை மீண்டும் வரலாம். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக வருவதும் உண்டு.

108க்கு என்ன சொல்வது

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை 2008இல் தொடங்கியது. மருத்துவர் நோயாளியோடு இருக்க, உதவியாளர் அழைக்க வேண்டும். 'பல் டாக்டர்கிட்ட மயங்கிட்டாங்க' என்பது போதாது. 'கடும் ஒவ்வாமை, மூச்சுத் திணறல், அட்ரினலின் ஒருமுறை போட்டாச்சு' என்று சொன்னால் வருபவர்கள் ஆயத்தமாக வருவார்கள். தெருப் பெயரோடு அருகில் உள்ள பேருந்து நிறுத்தம், கோவில், பள்ளி ஆகியவற்றில் ஒன்றையும், எத்தனையாவது மாடி என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் பல கிளினிக்குகள் குறுகிய படிக்கட்டு ஏறிப் போகும் முதல் மாடியில் இருக்கின்றன. ஒருவர் கீழே இறங்கித் தெருமுனையில் நின்று வண்டியைக் கைகாட்டி அழைத்தால் நிமிடங்கள் மிச்சமாகும். பட்டினப்பாக்கத்திலிருந்து ராயப்பேட்டை அரசு மருத்துவமனை அதிகத் தொலைவு இல்லை என்றாலும், கடும் ஒவ்வாமையில் அட்ரினலின் போடாமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது சரியல்ல. போட்ட பின்தான் பயணம்.

அவசரப் பெட்டிக்குள் இருப்பவை

பிரித்தானிய வழிகாட்டுதல்கள் பல் மருத்துவருக்குப் பரிந்துரைக்கும் மருந்துகள் ஏழெட்டுதான். அட்ரினலின், வாய்வழிக் குளுக்கோஸ், குளூக்ககான், ஆஸ்பிரின் 300 மி.கி., நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் தெளிக்கும் நைட்ரோகிளிசரின், ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர், நிற்காத வலிப்புக்குக் கன்னத்தில் வைக்கும் மிடசோலம், உயிர்வளி ஆகியவை அவை. நம் ஊரில் தெளிப்பானுக்குப் பதிலாக நாக்கின் கீழ் வைக்கும் 5 மி.கி. ஐசோசார்பைடு மாத்திரையும், மிடசோலத்தில் மூக்கில் தெளிக்கும் வகையும் கிடைக்கின்றன. தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஆம்பூல், 2 மி.லி. சிரிஞ்ச், 25 மி.மீ. ஊசி மூன்றையும் ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் 'பெரியவர் 0.5, 6 முதல் 12 வயது 0.3, சிறியவர் 0.15 மி.லி., தொடையில்' என்று தடித்த எழுத்தில் எழுதி வைப்பதே நல்ல வழி. ஆம்பூல் மூன்று இருக்கட்டும். உடைக்கும்போது ஒன்று சிதறும்.

பெட்டியில் இருபது முப்பது மருந்துகள் நிறைந்திருந்தால் தேடும்போது நேரம் போகும். தனக்குப் போடத் தெரியாத மருந்தை வைத்திருப்பதில் பொருள் இல்லை. அவற்றைவிட குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கைப்பையோடு கூடிய முகமூடி, பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி முகமூடி ஆகியவை அதிகம் பயன்படும். பல் மருத்துவரிடம் உறிஞ்சு கருவி ஏற்கெனவே இருக்கிறது. வாந்தி எடுத்தவரின் வாயைத் துடைக்க அதுவே போதும்.

உயிர்வளி உருளையைப் பொறுத்தவரை, பி வகை உருளையில் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம் தாங்கும். உருளையைத் திறக்கும் சாவி உருளையிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் இருந்தால் பயன் இல்லை. கொரோனாவின்போது வாங்கிய கான்சென்ட்ரேட்டரை உருளைக்கு மாற்றாக வைத்திருக்கும் கிளினிக்குகளும் உண்டு. அவற்றில் பல நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் தருவதில்லை. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை.

கடலோரத்தில் இந்தப் பெட்டியைப் பாதுகாப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். உப்புக் காற்றில் உருளையின் ரெகுலேட்டர் பாசி பிடித்தது போலத் துருவேறி இறுகிவிடும். மாதம் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். குளுக்கோமீட்டர் பட்டைகள் ஈரத்தில் கெட்டுத் தவறான எண் காட்டும். அவற்றின் குப்பியைத் திறந்தே வைக்கக்கூடாது. அட்ரினலின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதையும். இரவில் குளிர்சாதனம் நின்ற மூடிய அறை மே மாதத்தில் எவ்வளவு சூடாகும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். ஆம்பூலில் உள்ள திரவம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், காலாவதித் தேதி இன்னும் வராவிட்டாலும் எறிந்துவிட வேண்டும். மாதத்தின் முதல் வேலை நாளில் உதவியாளர் ஒருவர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடும் ஒரு நோட்டுப் புத்தகம் போதுமானது. அதே நாளில், யார் 108ஐ அழைப்பது, யார் உருளையைக் கொண்டுவருவது, யார் வாசலுக்குப் போவது என்பதை ஒருமுறை நடித்தும் பார்த்துவிடலாம். அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.